ஞாயிற்றுக்கிழமை வேன் பயணம்: தூரமும் டீசலும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நேற்று குழுவில் போட்ட தூர அட்டவணை போட்டோவைப் பார்த்து ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறீர்கள். பலரும் திருநெல்வேலி வரிசையை மட்டுமே பார்த்துக் கூட்டியிருக்கிறீர்கள். அந்த வரிசை இங்கிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நேராகப் போகும் தூரம். நாம் ஊர் ஊராகப் போகிறோம், அதனால் அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் சந்திக்கும் கட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் 60, திருச்செந்தூர்–கன்னியாகுமரி 90, கன்னியாகுமரி–நாகர்கோவில் 20, நாகர்கோவில்–திருநெல்வேலி 80. மொத்தம் 250 கிலோமீட்டர். திரும்பி வரும் 80-ஐ விட்டுவிடாதீர்கள்.

போட்டோ சாய்வாக இருப்பதால் கண் பக்கத்து வரிசைக்கு வழுக்கிவிடும். நானே முதலில் திருச்செந்தூர்–கன்னியாகுமரியை 20 என்று வாசித்தேன். அது நாகர்கோவில் கட்டம். எப்படிப் பிடித்தேன் என்றால், நம்மூரிலிருந்து கன்னியாகுமரி 85, திருச்செந்தூர் 60. வித்தியாசமே 25 இருக்கும்போது அந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20 வராது. ஆனால் 40 என்று தப்பாக வாசித்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் போட்டோவை நிமிர்த்தி, ஒரு தாளை வரிசைக்கு அடியில் வைத்து வாசியுங்கள்.

வேன் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஊருக்குள் சுற்ற 30 சேர்த்தால் 280, அதாவது 28 லிட்டர். ஏசி, நெரிசலுக்காக 3 லிட்டர் கூட்டி 31 லிட்டர் போட்டுக்கொள்வோம்.