ஒட்டுப்பைச் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய குழந்தைகள் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், அன்றிரவு அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், தாதியருக்கும்,

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் கடந்து, 39.6 டிகிரி காய்ச்சலோடு ஏழு மாத மகளைத் தூக்கி வந்தவள் நான். சளி, இருமல் எதுவும் இல்லாததால் சிறுநீரைப் பார்க்க நினைத்தீர்கள். அது சரியான முடிவு. நீங்கள் யாரும் அவளிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. சிறுநீரைப் பிடித்த விதம்தான் என் முறையீடு.

பெம்பர்சைக் கழற்றி, சிறுநீர் பிடிக்க பிளாஸ்டிக் பையை ஒட்டினீர்கள். ஒன்றரை மணி நேரம் அது அப்படியே இருந்தது. நடுவில் அவள் மலம் கழித்தாள். துடைத்துவிட்டு அதே பையை விட்டுவிட்டீர்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்டிரிப்பில் வெள்ளணு தெரிந்தது, கிருமி இருப்பதைக் காட்டும் நைட்ரைட் இல்லை. உடனே செஃபுரோக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, அந்தப் பையின் சிறுநீரையே கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினீர்கள்.

பதினோரு ஆண்டுகளாக நான் வேறோர் ஆய்வுக்கூடத்தில் கல்ச்சர் தட்டுகளைப் படிப்பவள். பைச் சிறுநீர் வந்தாலே எங்களுக்குத் தெரியும், தோலிலும் மலத்திலும் இருக்கும் கிருமிகள் அதில் கலந்திருக்கும் என்று. 'பல வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன, மாதிரி கலப்படமாக இருக்கலாம், மறு மாதிரி அனுப்பவும்' என்று எத்தனையோ குழந்தைகளுக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து அதே வரி என் மகளின் பெயருக்குக் கீழே வந்தது. மறு மாதிரி எடுத்தீர்கள், அதில் எதுவும் வளரவில்லை. இரண்டு நாளாக மருந்து ஏறிய உடம்பில் எப்படி வளரும்? தொற்றே இல்லையா, இருந்த கிருமியை மருந்து கொன்றுவிட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் காலை நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். இந்த வயதில் காய்ச்சல் விட்டதும் இப்படித் தடிப்பு வந்தால் ரோசியோலா வைரஸை நினைக்க வேண்டும். வைரஸ்தான் என்று நானும் அடித்துச் சொல்லவில்லை. முதல் மாதிரி சுத்தமாக இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

செஃபுரோக்சிமைத் தேர்ந்ததில் எனக்குக் குறையில்லை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, ஆம்பிசிலினுக்கு அடங்காததை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் எந்த மருந்துக்கு எந்தக் கிருமி அடங்கும் என்ற பட்டியல் கையில் இல்லாமல், மருந்து கொடுத்த பத்து நாளையும் ஊகத்திலேயே ஓட்டினோம்.

அப்புறம் ஸ்கேன். சிறுநீரக அல்ட்ராசவுண்டில் குறை எதுவும் இல்லை. ஆனாலும், 48 மணி நேரத்தில் காய்ச்சல் குறையாததால் 'வழக்கத்துக்கு மாறான தொற்று' என்று எழுதி, சிறுநீர்ப்பையில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் எம்.சி.யு.ஜி.க்கு நாள் குறித்திருக்கிறீர்கள். நான்கு மாதம் கழித்துச் சிறுநீரகத்தில் தழும்பு பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனும் உண்டாம். எம்.சி.யு.ஜி.க்கும் அவளுக்குச் சிறுநீர்க் குழாய் போட வேண்டும். அன்றிரவு சில நிமிட வலி என்று தவிர்த்தது அந்தக் குழாயைத்தானே? அப்போதே போட்டிருந்தால் இந்த ஸ்கேன் தேவையா என்பது தெரிந்திருக்கும். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது, மன்னிக்கவும்.

குழாய் வைத்து எடுப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுத்தம் செய்து மெல்லிய குழாயை நுழைத்து, முதல் சில துளிகளை விட்டுவிட்டு மீதியைப் பிடித்தால் போதும். குழாய் வேண்டாம் என்றால், நன்றாகக் கழுவிவிட்டு, தொப்புளுக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே சுத்தமான கிண்ணத்தோடு காத்திருக்கலாம். மெல்பர்னில் செய்து 2017இல் வெளியான ஆய்வில், இப்படித் தேய்த்த பத்துக் குழந்தைகளில் மூன்று பேர் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தார்கள். கிண்ணம் பிடிக்க நான் இருந்தேன், பாட்டியும் இருந்தார். எங்களிடம் கேட்கவே இல்லை.

பையை அடியோடு விடச் சொல்லவில்லை. குழந்தை தெம்பாக இருந்தால் ஸ்டிரிப் பார்க்கப் பை போதும். அதில் ஒன்றும் இல்லையென்றால் தொற்று இருக்க வாய்ப்புக் குறைவு. நைட்ரைட் மட்டும் இல்லாததை நம்ப வேண்டாம். அடிக்கடி சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கு அது உருவாக நேரமே கிடைப்பதில்லை. ஸ்டிரிப்பில் ஏதாவது தெரிந்தால், ஊசிக்கு முன்பு குழாயிலோ கிண்ணத்திலோ புது மாதிரி எடுங்கள். குழந்தை மிகவும் சோர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம், நேரே குழாய்தான். பைச் சிறுநீர் கல்ச்சருக்குப் போகவே கூடாது.

இதை உங்கள் பிரிவில் எழுத்துமூலம் நடைமுறையாக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஊசிக்கு முன்பு சுத்தமான மாதிரி, அதுதான் என் முக்கியக் கோரிக்கை. மகளின் எம்.சி.யு.ஜி.க்கு முன்னால் அந்தத் தடிப்பையும் இரண்டு கல்ச்சர் அறிக்கைகளையும் மூத்த மருத்துவர் ஒருவர் சேர்த்துப் பார்த்து, அது இப்போது வேண்டுமா என்று எங்களிடம் பேச வேண்டும். அடுத்த காய்ச்சலில் முறையாக மாதிரி எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், எந்த நேரமானாலும் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அந்தக் குழந்தையின் தாய்,
பட்டர்வொர்த்