வரியைத் தள்ளிப்போட்டால் என்ன லாபம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மஞ்சக்குப்பம் மனையை விற்றதில் உன் பங்கு 10 லட்சத்தை உன் கணக்குக்கு அனுப்பியாச்சு, பார்த்திருப்பாய். அதை பேங்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போடவா, கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டில் போடவா, இரண்டிலும் ஏறக்குறைய 7 சதவீதம்தானே, வரியும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். வரி விகிதம் ஒன்றுதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கும் கடன் பத்திர ஃபண்டுக்கு, எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், லாபத்துக்கு உன் வருமான வரம்புப்படிதான் வரி. ஆனால் எப்போது கட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டெபாசிட்டில் முதல் வருஷ வட்டி 70,000. நீ 30 சதவீத வரம்பில் இருப்பதால் செஸ் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 21,840 ரூபாய் வரி. முதிர்வில் மொத்தமாகப் பணம் வரும் டெபாசிட் என்றாலும் பேங்க் வருஷா வருஷம் வட்டியைக் கணக்கிட்டு அதில் ஒரு பகுதியை டிடிஎஸ் என்று வரியாகப் பிடிக்கும், அது வருமான வரித் துறையின் கணக்கில் ஏறிவிடும். டிடிஎஸ் வெறும் 10 சதவீதம்தான், மீதி வரியை நீ சம்பளத்திலிருந்து கட்டுவாய். அதனால்தான் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. பாஸ்புக்கில் 7 சதவீதம் என்றே இருக்கும், கை வேறு பக்கம் காலியாகும். உண்மையில் உன் பணம் வளர்வது 4.8 சதவீதத்தில்.

ஃபண்டில், லாபத்தை வெளியே தராமல் உள்ளேயே சேர்த்துக்கொண்டு போகும் குரோத் ஆப்ஷன் எடுத்தால், பணத்தை எடுக்கிற வரை வரி இல்லை. அந்த 21,840 உள்ளேயே இருந்து அடுத்த வருஷம் சம்பாதிக்கும். அரசாங்கம் உனக்கு வட்டியில்லாமல் கைமாத்து கொடுத்த மாதிரி. கடைசியில் அந்தச் சம்பாத்தியத்துக்கும் வரி உண்டு, ஆனாலும் உனக்கு ஒரு பங்கு மிஞ்சும்.

எவ்வளவு மிஞ்சும்? இரண்டும் 7 சதவீதம் என்றே வைத்துப் போட்டுப் பார்த்தேன். 20 வருஷத்தில், வருஷா வருஷம் வரி கட்டிய பணம் 25.6 லட்சம் ஆகும். தள்ளிப்போட்டது 38.7 லட்சமாகி, கடைசியில் ஏறக்குறைய 9 லட்சம் வரி கட்டியபின் 29.7 லட்சம். வித்தியாசம் 4 லட்சத்துக்கு மேல். ஆனால் 5 வருஷத்தில் எடுத்தால் வித்தியாசம் 12,000 ரூபாய் அளவுதான், 10 வருஷத்தில் 65,000. வரியை உள்ளே விட்டு வைக்கிற பலன் பிந்தித்தான் வரும், அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் பார். ஃபண்டின் வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது, நிர்வாகச் செலவுக்கென்று வருஷா வருஷம் ஒரு பங்கு வேறு பிடிப்பார்கள். அது 7-க்குப் பதில் 6 சதவீதமே கொடுத்தால், 20 வருஷம் கழித்தும் 25.2 லட்சம்தான், டெபாசிட்டே மேல். 5 வருஷத்துக்கு என்றால் அரை சதவீதம் குறைந்தாலே போச்சு. அதனால் மூன்று நான்கு வருஷத்தில் வீடு வாங்கத் தேவைப்படும் பணத்தை இந்தக் கணக்கை நம்பி ஃபண்டில் போடாதே.

போட்டபின் சும்மா மாற்றிக்கொண்டே இருக்காதே. ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் விற்றதாகவே கணக்கு, வரி அப்போதே வந்துவிடும், கைமாத்தும் தீர்ந்தது. டிவிடெண்ட் மாதிரி அவ்வப்போது பணம் வரும் ஆப்ஷனும் அப்படித்தான், பணம் கைக்கு வரும் அந்த வருஷமே வரி.

வேலையை விட்டபின் வருமானம் குறைவான வருஷங்களில் சிறுகச் சிறுக எடுத்தால், எடுக்கிற தொகையில் லாபப் பகுதிக்கு மட்டும், அதுவும் குறைந்த விகிதத்தில் வரி வரும். பெரிய லாபம் உண்மையில் அங்கேதான். மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் எடுத்தால் நேர்மாறாக உயர்ந்த வரம்பில் போய் நிற்பாய். சட்டமும் மாறும்: 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளுக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்குக் காட்ட இருந்த சலுகையை 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், பழைய யூனிட் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். தள்ளிப்போட்ட வரிக்கு எடுக்கிற வருஷத்துச் சட்டம்தான்.

அம்மா பேரில் போடலாமா என்றும் கேட்டாய். அவளுக்கு வரி கட்டுகிற அளவு வருமானமே இல்லையே, தள்ளிப்போட என்ன இருக்கிறது? அவள் பணம் திருப்பாதிரிப்புலியூர் பேங்கில் டெபாசிட்டாகவே இருக்கட்டும். உன்னுடையதில் 15 வருஷத்துக்குத் தொடவே மாட்டாய் என்கிற பகுதி எவ்வளவு என்று மட்டும் எழுது, அதை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
கடலூர்