சொத்தைப் பல்லும் வெல்லமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பல் பராமரிப்புக் கட்டுரையில், 'சர்க்கரை பல்லை அரிக்கும். பதிலாக வெல்லம், பனங்கற்கண்டு சாப்பிடலாம்' என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சர்க்கரை தானாகப் பல்லை அரிப்பதில்லை. பல்லின்மீது, குறிப்பாக ஈறு ஓரத்திலும் பற்களுக்கு இடையிலும், நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வழித்துக்கொண்டு வரும் ஒரு படலம் இருக்கிறதே, அதில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அரிக்கின்றன. அவற்றில் பேர் போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924லேயே கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிக்கிறது. அதே சர்க்கரையின் ஒரு பகுதியைப் பசையாகவும் மாற்றிக்கொண்டு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வெல்லத்திலும் பனங்கற்கண்டிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ்தான், அதாவது கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையின் அதே பொருள். பாக்டீரியா நிறம் பார்த்துத் தின்பதில்லை.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட விஷயம். 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் சிலரை குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, பல்லின் மேலிருந்த படலத்திலேயே நுண்ணிய மின்முனையை வைத்து அமிலத்தன்மையை அளந்தார். அமிலம் கூடக் கூடக் குறைகிற பி.எச். அளவு சில நிமிடங்களிலேயே சரசரவென இறங்கியது. பிறகு, உமிழ்நீர் அமிலத்தைச் சமன்செய்ய, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வந்தது. பி.எச். ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். மேலே ஏறியதும் உமிழ்நீரில் உள்ள அதே தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் படியும். நம் வாயில் தினமும் நடக்கும் வரவு செலவு இது.

இதில் சர்க்கரையின் அளவைவிட, அது வாயில் இருக்கும் நேரமே பெரிது. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் நாளைக்கு மூன்று டம்ளர் டீ, ஒரே அளவு சர்க்கரை. முதலாமவர் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறார். அவருடைய பல் ஒரு டீக்கு இருபது நிமிடம் ஆபத்துக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒரு மணி நேரம். இரண்டாமவர் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் உறிஞ்சுகிறார். ஏறப் பார்க்கும் பி.எச்.சை ஒவ்வொரு மிடறும் மீண்டும் கீழே தள்ளும். கடைசி மிடறுக்குப் பிறகுதான் அது ஏறவே ஆரம்பிக்கும். இவருக்கு ஒரு டீக்கு ஒரு மணி நேரம், நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். நடுநடுவே பெப்பர்மிண்ட் வேறு என்றால் கேட்கவே வேண்டாம். இந்த நிமிடங்கள் ஆளுக்கு ஆள் மாறும். படலம் தடித்திருந்தால் இறக்கம் ஆழமாகும், உமிழ்நீர் குறைந்தவருக்கு ஏற்றம் தாமதமாகும். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால்தான் படுக்கும்போது குழந்தை வாயில் சர்க்கரை போட்ட பால்புட்டியை வைக்காதீர்கள் என்று தாய்மார்களிடம் மன்றாடுகிறோம்.

செலவு மிஞ்சினால் முதலில் தெரிவது ஓட்டை அல்ல, வெண்புள்ளி. ஈறு ஓரத்தில் பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். எச்சில் ஈரத்தில் கண்ணுக்குப் படாது. பல்லைக் காற்றடித்து உலர்த்தியதும் பளிச்சென்று தெரியும். எனாமலின் மேற்பரப்பு ஓரளவு முழுதாக நிற்க, அதன் அடியில்தான் தாது கரைந்து நுண்துளைகள் விழுந்திருக்கும். துளைகளில் நீர் இருந்த இடத்தில் காற்று புகுந்ததும் ஒளி சிதறி வெண்மையாகத் தெரிகிறது. இந்தக் கட்டத்தில் கூர்முனைக் கருவியால் குத்திப் பார்த்தால் மேற்பரப்பும் உடைந்துபோகும். குத்தாமல் விட்டு, இடைவேளைத் தீனியைக் குறைத்து, ஃப்ளோரைடு பற்பசையால் படலத்தை அகற்றிவந்தால் தாது திரும்பப் படிந்து அரிப்பு அங்கேயே நின்றுவிடுவதுண்டு. ஓட்டை விழுந்துவிட்டால் பல் தானாக நிரம்பாது, அடைக்கத்தான் வேண்டும்.

பண்டிகைக்கு நாலு அதிரசம் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்பவரை நான் அவ்வளவாகக் கடிந்துகொள்வதில்லை. உடம்புக்கு ஆகுமா என்பது வேறு மருத்துவர் சொல்ல வேண்டியது. நாள் முழுக்கக் கடலைமிட்டாயைக் கொறிப்பவரைத்தான் பிடித்து உட்கார வைக்கிறேன். வெல்லம்தானே என்று அவர் சமாதானம் சொல்வதற்கு உங்கள் பெட்டிச் செய்தி துணை போகிறது. அடுத்த இதழில் அதைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
விருதுநகர்.