அவள் பக்கமே பேச்சு

கோத்தகிரி

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது, உறைபனி கொட்டுகிற ராத்திரியில் சிக்னலுக்காக வாசலில் நின்று உன் சிநேகிதியோடு வெகுநேரம் பேசினாய். என் காதில் விழுந்ததெல்லாம் ‘ம்’, ‘அப்புறம்?’, ‘விடுடி, அவங்க அப்படித்தான்’. உனக்கு வேலை போனதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவளுக்குத் தெரியும் என்றுதானே சொன்னாய்?

யார் யாரை எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்க்காதே. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாசங்களில் அவள் பாட்டையே பாடினது நியாயம். அவர் வீடு திரும்பிய பிறகும் பேச்சு உன் பக்கம் திரும்பியதா என்றுதான் பார்க்க வேண்டும். நீ உன் கவலையைச் சொன்னதும் இன்னொரு கேள்வி கேட்கிறாளா, இல்லை ‘எனக்கும் அப்படித்தான்’ என்று தன் கதைக்குப் போய்விடுகிறாளா? ‘இன்னிக்கு முடியலைடி, நாளைக்குப் பேசலாமா?’ என்று கேட்டுப் பார். முகம் கோணாமல் சரி என்றால் நல்ல அறிகுறி.

போன் பண்ணுவதை நிறுத்திவிட்டு, அவளாகக் கூப்பிடுகிறாளா என்று சோதிக்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். அது வேண்டாம். பரீட்சை நடப்பதே அவளுக்குத் தெரியாது. தவிர, யார் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’ என்பவள் நீ.

உன் மனக்குறையை அவளிடம் நேரில் சொல், முடியாவிட்டால் போனில். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றும். அவள் அழுதுகொண்டிருக்கும் நாளிலும் வேண்டாம். ‘நீ எப்பவும் உன்னைப் பத்தியே பேசுற’ என்று ஆரம்பித்தால், என்றைக்கோ உனக்குச் செய்த ஒன்றை எடுத்துக் காட்டுவாள். நடந்த ஒன்றை மட்டும் சொல்: ‘இன்டர்வியூக்கு முந்தின நாள் கூப்பிட்டேன், நீ திரும்பக் கூப்பிடலை. கஷ்டமா இருந்துச்சு. இனிமே என் கதைக்கும் கொஞ்சம் நேரம் கொடு.’

அவள் கேட்கும் மன்னிப்பை வைத்து முடிவு செய்யாதே. கடைசியில் நீயே அவளைத் தேற்றும்படி ஆனால் ஒன்றும் மாறவில்லை என்று வைத்துக்கொள். ஒரு மாசம் பார். அடுத்த இன்டர்வியூ எப்படிப் போச்சு என்று அவளாகக் கேட்டால் போதும்.

கேட்கவில்லையா, சண்டை போடாமல் விலகு. ராத்திரி வரும் போனுக்குக் காலையில் பதில் சொல், கால் மணி நேரம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடு. தனியாகச் சந்திப்பதைக் குறைத்து, எல்லாரும் கூடும்போது பார். ஏன் ஒதுங்குகிறாய் என்று நேராகக் கேட்டால் மட்டும் வேலை என்று சாக்குச் சொல்லாதே, உள்ளதைச் சொல்.

‘வாழவே பிடிக்கலை’ என்று அவள் சொன்னால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. உடனே போனை எடு, அவள் வீட்டாருக்குச் சொல், மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடச் சொல். அதைத் தனியாளாக நீ சுமக்க முடியாது.

வர்க்கி பார்சல் போட்டிருக்கிறேன். அவளுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் பாடு.

அம்மா