தேடியவர் ‘கருப்பு’ என்றார், நாம் ‘வெள்ளை ஈ’ என்றோம்

தமிழில் பயிர்ப் பாதுகாப்புக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். பார்வையாளர்கள் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் காணொளிக்கு வந்தார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உங்கள் யூடியூப் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்து, நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்பதை என் காணொளி ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ பற்றி ஒன்பது நிமிடக் காணொளி ஒன்று போட்டிருந்தேன். இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி அது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிடுவது, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுவது, அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பாற்றுவது என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தலைப்பு, விளக்கம், பேச்சு எல்லாவற்றிலும் ‘வெள்ளை ஈ’தான்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காணொளியின் `Analytics` பக்கத்தில் `Advanced mode` போய், `Traffic source` என்பதில் `YouTube search`-ஐ அழுத்தினேன். பார்வையாளர்கள் என்ன தட்டச்சு செய்து உள்ளே வந்தார்கள் என்பது அங்கே வரிசையாக இருக்கும். முதல் சில வரிகள் எதிர்பார்த்தவைதான். கொஞ்சம் கீழே போனால் ‘தென்னை மட்டை கருப்பு’, ‘தென்னை ஓலை கறுப்பு மருந்து’, ‘thennai olai karuppu’. மூன்றும் கேட்பது ஒன்றைத்தான். ஆனால் என் ஒன்பது நிமிடப் பேச்சில் ‘கருப்பு’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. வெள்ளை ஈ, மேலே உள்ள மட்டையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற இனிப்புக் கழிவை விடுகிறது. அது கீழ் மட்டையின் மேல்பக்கத்தில் சொட்டுகிறது. ஊடுபயிராக வாழை இருந்தால் அதன் இலையிலும் விழும். அந்தப் பிசுபிசுப்பின் மேல்தான் பூசணம் கரியாகப் படர்கிறது. தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் விவசாயியின் கண்ணுக்கு முதலில் படுவது ஈ அல்ல, கரி படிந்த மட்டை. அவர் கண்டதைத் தேடினார், நான் காரணத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘மருந்து’ என்று சேர்த்துத் தேடியவரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. கருப்பைப் பார்த்துப் பூஞ்சை நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி வாங்கி அடித்திருப்பார். பூசணம் ஓலைக்குள் புகுந்து அழிக்கும் நோயல்ல. மேலே ஒட்டியிருக்கும் படலம் அது. மேலே ஈ இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். இன்னொருவர் கடுமையான பூச்சிமருந்தை அடித்து, ஈயைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த என்கார்சியாவையும் சேர்த்துக் கொன்றிருப்பார். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கலந்து தெளித்தால், அந்தப் படலம் காய்ந்து உரிந்து விழும். இதை நான் காணொளியில் சொல்லியிருக்கிறேன், ஆறாவது நிமிடத்தில். சொன்னபோது பயன்படுத்திய சொல் ‘பூசணம்’.

அவர்கள் ஆறாவது நிமிடம்வரை வந்தார்களா? அதே பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பார்வை எண்ணிக்கையும் சராசரியாகப் பார்த்த நேரமும் இருக்கும். ‘வெள்ளை ஈ’ என்று தேடி வந்தவர்கள் சராசரி நாலரை நிமிடம் இருந்தார்கள். ‘கருப்பு’ வகைச் சொற்களில் வந்த எழுபது சொச்சம் பார்வைகளுக்குச் சராசரி ஒரு நிமிடம் பத்து விநாடி. விடை உள்ளே இருந்தும், அது தன் கேள்விக்கான விடை என்று தெரியாமலே பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

பட்டியலைப் படிக்கும்போது கையைக் கடிக்கும் இடங்கள் சில உண்டு. தமிழில் எழுத்துக்கூட்டல்தான் முதல் சிக்கல். கருப்பு, கறுப்பு, கருப்பா, karuppu என்று ஒரே தேடல் நாலைந்து வரிகளாகச் சிதறியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பார்வை, மூன்று பார்வை என்று அற்பமாகத் தெரியும். ஒரு தாளில் பொருள்வாரியாகச் சேர்த்து எழுதினால்தான் எடை தெரியும். உங்கள் பேச்சின் எழுத்து வடிவத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடும்போதும் இதே கவனம் வேண்டும். ‘கருப்பு’ என்று தேடினால் ‘கறுத்துப் போகும்’ என்று நீங்கள் சொன்னது அகப்படாது. ‘கரு’, ‘கறு’ என்று வேரை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது, தேதி. கடைசி 28 நாள் என்று இருந்தால் பருவம் தப்பிவிடும். இந்த ஈ வெயில் காலத்தில் பெருகி, கனமழையில் குறையும். மழைக்காலத்து 28 நாளை எடுத்தால் ‘கருப்பு’ பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். அதனால் `Lifetime` வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை ஒன்று. தேடி, உங்கள் காணொளியை அழுத்தியவர்களின் சொற்கள் மட்டுமே இதில் வரும். தேடிவிட்டு உங்களைக் கண்டும் காணாமல் போனவர்கள் இதில் இல்லை. குறைவாகத் தேடப்பட்ட சொற்களும் விடுபடும். ஆக, எழுபது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி உள்ளவர்கள் எழுபது பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, சொல் கிடைத்தது, அப்புறம்? கண்ட சொல்லையெல்லாம் விளக்கத்தில் கொட்டாதீர்கள். என் பட்டியலில் ‘தென்னை குருத்து கருப்பு’ என்றும் ஒரு வரி இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதே கூட்டம். ஆனால் அது குருத்தழுகலாக இருக்கலாம். நடுக்குருத்து நிறம் மாறி, அழுகி நாறி, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்கான வைத்தியமே வேறு, தாமதித்தால் மரம் போய்விடும். அந்தச் சொல்லை என் தலைப்பில் சேர்த்திருந்தால் மரத்தைக் காப்பாற்ற வந்தவரை மைதா கரைக்க அனுப்பியிருப்பேன். அதைத் தனிக் காணொளிக்கென்று குறித்து வைத்தேன்.

மட்டை கருப்புக்கு விடை உள்ளேயே இருந்ததால், விளக்கத்தில் நேரக் குறிப்புகள் சேர்த்தேன். முதல் குறிப்பு `00:00` என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். ஆறாவது நிமிடத்துக்கு ‘மட்டை மேல் கருப்பாகப் படிவது ஏன்?’ என்று பெயர் வைத்தேன். அதே கேள்வியையும் இரண்டு வரி பதிலையும் கருத்துப் பகுதியில் மேலே பொருத்தி வைத்தேன். `Tags` பகுதியில் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை மட்டும் போட்டேன். அதற்குமேல் அங்கே பலன் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. ஏற்றிய காணொளியின் பேச்சை மாற்ற முடியாதே, அதனால் கரி படிந்த மட்டையைக் கையில் பிடித்தபடி தொடங்கும் மூன்று நிமிடக் காணொளி ஒன்றையும் எடுத்தேன்.

பலன் பார்க்க, மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, அதே ‘கருப்பு’ வரிகளின் சராசரி நேரத்தை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். மொத்தப் பார்வையை ஒப்பிட்டால் வெயிலும் மழையும் கணக்கைக் குழப்பிவிடும். பத்துப் பார்வைக்குக் கீழே உள்ள வரியின் சராசரியை நம்ப வேண்டாம். ஒருவர் முழுதாகப் பார்த்தாலே எண் எகிறிவிடும்.

உங்களில் நெல்லுக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் காணொளி போடுபவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் கண்டெடுக்கும் சொற்களை, எந்தப் பயிர், எந்த மாதம் என்று குறித்து மற்றவர்களோடும் பகிருங்கள். தென்னைக்கு என்னிடம் இருப்பதை நான் தருகிறேன்.

அன்புடன்,
தென்னைக் காணொளி போடும் உங்களில் ஒருவன்