இறுகும் கெண்டைக்கால் வலியை விடியும் வரை பொறுத்திருக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கடந்த வாரம் வெளிவந்த கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். ஓட்டப் பயிற்சிக்குப் பின் வரும் கெண்டைக்கால் வலிக்கு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, இரண்டு நாள் ஓய்வெடுக்கலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. சாதாரணத் தசைப்பிடிப்புக்கு அது போதும். ஆனால் அதையடுத்து, மாவுக்கட்டு போட்டவர்களுக்கு வலி இருந்தாலும் வெளியே தெரியும் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்று எழுதப்பட்டிருந்ததை, எலும்பு முறிவுப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. இந்த எண்ணம் மக்களிடையே ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. சில இடங்களில் இரவுப் பணியில் இருப்பவர்களிடமும் இருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தொகுதியும் எளிதில் விரிந்துகொடுக்காத ஓர் உறைக்குள் அடைபட்டிருக்கிறது. எலும்பு முறிந்து உள்ளே இரத்தம் கசிந்தாலோ, பழக்கமில்லாத கடும் ஓட்டத்தால் தசை வீங்கினாலோ, அந்த உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. வெளியே இறுகிய கட்டும் இருந்தால், இருக்கும் சிறிது இடமும் போய்விடுகிறது. மருத்துவர்கள் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று சொல்வது இதைத்தான். ஓய்வில் இருக்கும் தசைக்குள் அழுத்தம் பொதுவாக 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. அது ஏறி, இரத்த அழுத்தத்தின் கீழ் அளவுக்கும் அதற்கும் இடையே 30-க்கும் குறைவான இடைவெளியே எஞ்சும்போது, தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கத் தொடங்குகின்றன. ஆனால் பாதத்துக்குச் செல்லும் பெரிய தமனியில் இரத்தம் 120 அளவு அழுத்தத்தில் பாய்ந்துகொண்டிருப்பதால், கணுக்காலில் நாடி துடிக்கும், விரல்களும் சூடாகவே இருக்கும். நாடி நின்று, விரல் வெளிறிப்போகும் நேரத்தில் உள்ளே தசையும் நரம்பும் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். ஆகவே விரலின் சூட்டை வைத்து ஆறுதல் சொல்வது தவறு.

நான் பார்த்த ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். இருபது வயதைக் கடந்த இளைஞர். இருசக்கர வாகனத்தில் விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை. மாலை ஆறு மணியளவில் வேறோரிடத்தில் தொடையிலிருந்து பாதம் வரை முழு மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு வலி கூடியது. எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டார் மாத்திரை கொடுத்தார்கள், வலி அசையவில்லை. பக்கத்துத் தெருவில் ஊசி போட்டும் அரை மணி நேரம்கூட அடங்கவில்லை. நள்ளிரவு தாண்டி எங்களிடம் வந்தபோது அவருடைய விரல்கள் சூடாக, சிவந்த நிறத்தில்தான் இருந்தன. பணியில் இருந்த மருத்துவர் அவருடைய பெருவிரலை மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்தார். காலின் முன்பக்கம் வெட்டியது போல் வலிக்க, அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மேல்நோக்கி வளைத்தபோது கெண்டைக்காலின் உட்புறத்தில் அதே வலி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலில் பஞ்சால் தொட்டால் மரத்துப்போனது போல் இருப்பதாகச் சொன்னார்.

உடனே கட்டை நீளவாக்கில் பிளந்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மாவை மட்டும் அறுத்தால் போதாது. உள்ளே சுற்றியிருக்கும் பஞ்சுச் சுருள் இரத்தத்திலும் வியர்வையிலும் ஊறிக் காய்ந்து அட்டைபோல் விறைத்துப்போயிருக்கும். அதையும், அதற்கடியில் உள்ள துணியையும், தோல் கண்ணில் படும் வரை வெட்டி விரித்தால்தான் அழுத்தம் இறங்க வழி கிடைக்கும். பலருக்கு இத்துடன் வலி தணிந்துவிடும். இவருக்குத் தணியவில்லை. முன்புறத் தசையில் ஊசி வைத்து அளந்ததில் அழுத்தம் 52; இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 74; இடைவெளி 22 மட்டுமே. அந்த இரவிலேயே அறுவை அரங்கில் காலின் இரு பக்கமும் நீளமாகக் கீறி நான்கு உறைகளையும் திறந்தார்கள். காயத்தை உடனே தைக்காமல், வீக்கம் வடிந்த பிறகு மூடினார்கள். ஒரு பக்கம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது அவர் நடக்கிறார். பெருவிரலை மட்டும் முழுமையாகத் தூக்க முடிவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் உறையைத் திறந்துவிட்டால் தசை பெரும்பாலும் பிழைக்கும். அதற்குமேல் போகப்போக இழப்பு கூடும். இறுகிய கட்டினால் தசை இரத்தமின்றிச் செத்துச் சுருங்கிப்போவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்தார். மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டானாலும் மருத்துவமனைக் கட்டானாலும், இந்த விஷயத்தில் காலுக்கு வேறுபாடு தெரியாது.

கட்டே இல்லாமல், ஓட்டத்தால் வருவது அரிது. அரிது என்பதாலேயே தவறவிடப்படுகிறது. காவலர் தேர்வுக்காகத் திடீரென்று 1500 மீட்டர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகும் இளைஞர்களைப் பாருங்கள். ஓடும்போது கெண்டைக்கால் இறுகி, நிறுத்தியதும் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுவது நாட்பட்ட வகை. அதை மருத்துவரிடம் நிதானமாகக் காட்டலாம். மறுநாள் தசையெல்லாம் நோவது உழைப்பின் இயல்பான நோவு. ஆனால் ஓட்டத்தை நிறுத்தியும் மணிக்கணக்கில் வலி ஏறிக்கொண்டே போய், தசை கல்லாக இறுகி, விரலைப் பிறர் வளைத்தாலே தாங்க முடியாமல், பாதம் மரத்துப்போகத் தொடங்கினால், அது அவசரம். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். எலும்பு முறியவில்லையே என்று எக்ஸ்-ரே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

இத்தகைய வலியில் கிரேப் பேண்டேஜ் சுற்றுவதும், எண்ணெய் தேய்த்து உருவுவதும் கேடு. சுற்றியிருக்கும் எதையும் அவிழ்த்துவிட வேண்டும். காலைத் தலையணைமேல் உயர்த்துவதும் கூடாது. வீக்கம் வராமல் இருக்க முதலில் சொல்லப்படும் அந்த யோசனை, அழுத்தம் ஏறிய பிறகு காலுக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைத்துவிடும். படுத்த நிலையில் இதயத்தின் மட்டத்திலேயே காலை வைத்துக்கொண்டு, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். மாவுக்கட்டை வீட்டில் அறுக்க முயல வேண்டாம். அது மருத்துவமனையில் சில நிமிட வேலை.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்த வெதுவெதுப்பான விரல் பற்றிய வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவுக்கட்டு போட்டு அனுப்பும் மருத்துவமனைகள், கையில் கொடுக்கும் சீட்டில் "மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை வளைத்தால் கடும் வலி, மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் உடனே வரவும்" என்று தமிழில் அச்சிட்டு, கூடவே இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மதுரை.