கையைப் பிடித்து வெளியே தள்ளக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஓட்டல் பாரில் குடித்துவிட்டு ரகளை செய்பவர்களை செக்யூரிட்டியை வைத்து வெளியே தள்ள வேண்டியதுதானே என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 15 வருடமாக பாரில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். தள்ளினால், அதுவரை அவர் மேல் இருந்த தப்பு நம் மேல் வந்துவிடலாம்.

ஒரு ராத்திரி, எங்கள் ஓட்டலிலேயே தங்கியிருந்த ஒருவர் ஐந்தாவது பெக் கேட்டார். நாக்கு குழறியது, பக்கத்து மேஜைக்காரர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் போய் நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, "சார், இதுக்கு மேல என்னால ஊத்த முடியாது. தண்ணி கொண்டு வரேன்" என்றேன். "நீங்க ஓவரா குடிச்சிட்டீங்க" என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் உடனே வாக்குவாதம்தான். "நான் யார் தெரியுமா?" என்று கத்தினார். கத்தி முடிக்கும் வரை பொறுத்திருந்து, "பில்லை லாபியில பார்த்துக்கலாம், வாங்க" என்றேன். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாத இடத்துக்கு வந்ததும் பாதி வேகம் குறைந்துவிட்டது.

அவர் எழுந்து வராமல் இருந்திருந்தால்? ஊற்ற மறுக்கலாம், பாரை விட்டுப் போகச் சொல்லலாம், அதற்கும் மசியவில்லை என்றால் போலீசைக் கூப்பிடலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும் எங்கள் எல்லை அவ்வளவுதான். அவர் அடிக்க வந்தால் தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் கை நீளக் கூடாது. அறையில் வைத்துப் பூட்டுவதும், கார் சாவியைப் பிடுங்குவதும் நம் மேலேயே வழக்காகத் திரும்பலாம். சாவியைக் கேட்டு வாங்கலாம். தராமல் காரை நோக்கிப் போனால் வண்டி எண்ணோடு போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், தங்கியிருப்பவர் என்பதால் பாரில் நிறுத்தினால் மட்டும் போதாது. ரூம் சர்வீசுக்கும் சொல்லி வைத்தேன், இல்லையென்றால் மேலே போய் போனில் ஆர்டர் செய்திருப்பார். நானும் இன்னொருவரும் அவர் அறை வாசல் வரை கூடவே நடந்தோம், தொடவில்லை. பதிவேட்டில் நேரம், என்ன பேசினார், யார் பார்த்தார்கள் என்று கண்டதை மட்டும் எழுதினேன்.

கடைசி பெக்குக்கு அப்புறமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ போதை ஏறலாம். தட்டி எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனால், உதடு நீலம் பாய்ந்தால் அது தூக்கம் இல்லை. வாந்தி தொண்டையை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை குறைந்தவரும் குடித்தவர் மாதிரியே குழறுவார், அதனால் எத்தனை பெக் கொடுத்தோம் என்ற கணக்கும் முக்கியம்.

அரை மணி கழித்து அந்த அறைக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து, "யார்ரா அது?" என்று அதட்டினார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்படிக்கு,
ஓர் ஓட்டல் பார் மேற்பார்வையாளர்